பழைய ஆடிட்டர் ஏன் போனார்?

திருப்பூரில் ஒரு பின்னலாடைத் தனியார் கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். ஜனவரியில் ஆடிட்டர் ராஜினாமா செய்துவிட்டார். முதலாளி உள்ளூரில் இன்னொரு ஆடிட்டரை அணுகுகிறார். "அவருக்கு மூணு லட்சம் குடுத்தேன் சார், நீங்க ஒன்றரைக்கு முடிச்சுக் குடுங்க."

பாதி விலைக்கு முழு வேலை கிடைக்காது. கிடங்கும் கடன்காரர்களும் உள்ள இந்த அளவு கம்பெனிக்கு 240 மணி நேரம் தேவை, மணிக்குச் சராசரி ஆயிரம் ரூபாய் செலவு என்றால், அடக்கமே 2.4 லட்சம். ஒன்றரை லட்சத்தில் 150 மணி நேரம்தான் வரும். வெட்டுப்படும் 90 மணி நேரம் பெரும்பாலும் சரக்கை நேரில் எண்ணுவதிலும், பாக்கிதாரர்களுக்குக் கடிதம் போட்டு உறுதி கேட்பதிலும்தான் விழும். தப்புக் கணக்கு பிடிபடுவதும் அங்கேதான். அதனால் ஃபீஸ் பேரத்தை வெறும் பண விஷயமாக நான் பார்ப்பதில்லை.

ஆள்பலமும் இடிக்கிறது. மார்ச் 31 அன்று எல்லாக் கம்பெனிகளும் சரக்கு எண்ணுகின்றன. இங்கே மூன்று கிடங்குகள் போக, சாய ஆலைகளிலும் நிட்டிங் யூனிட்டுகளிலும் துணி கிடக்கிறது. ஆர்ட்டிகிள் பயிற்சியில் இருக்கும் ஐந்து பேரும் அன்றைக்கு ஏற்கெனவே வேறு இடங்களுக்குப் போகிறார்கள். ஆனால் ஃபீஸை உயர்த்திக் கேட்டு, பக்கத்து ஊர் ஆடிட்டரிடம் ஆள் வாங்கிச் சமாளிக்கலாம். முதலாளியின் நேர்மைக்கு அப்படிப்பட்ட மாற்று ஏற்பாடு கிடையாது.

அதை அறிய முதல் வழி, பழைய ஆடிட்டருக்கு எழுத்துமூலம் தெரிவிப்பது. பட்டயக் கணக்காளர் சட்டப்படி, இதைச் செய்யாமல் பொறுப்பேற்பது தொழில்முறைத் தவறு. அவருடைய சம்மதம் வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள், தேவையில்லை. விலகக் காரணம் என்ன, ஃபீஸ் பாக்கி உண்டா என்று கேட்டறிவதே நோக்கம். கம்பெனி ரகசியத்தைக் காக்கும் கடமை அவருக்கு உண்டு என்பதால், மனம்விட்டுப் பேச முதலாளியின் அனுமதி வேண்டும். அனுமதி தர முதலாளி மறுத்தால், அந்த மறுப்பே பாதி பதில். ராஜினாமா செய்த ஆடிட்டர் 30 நாளுக்குள் கம்பெனிப் பதிவாளரிடம் தாக்கல் செய்யும் ஏ.டி.டி-3 படிவத்திலும் காரணம் இருக்கும். "சொந்தக் காரணங்கள்" என்று மட்டும் அதில் இருந்தால் சந்தேகம் தீராது.

அப்படித்தான் இருக்கிறது என்று கொள்வோம். அடுத்து, சென்ற மார்ச்சுக்கு வங்கியில் கொடுத்த ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டைக் கேட்டு வாங்கி, அதே தேதியின் இருப்புநிலைக் குறிப்போடு ஒப்பிடுகிறார். வங்கிக்கு ஒன்பது கோடி, கணக்கில் ஆறரை கோடி. கையிருப்புச் சரக்கைக் காட்டித்தான் வங்கியில் நடைமுறை மூலதனக் கடன் வாங்கியிருக்கிறார்கள். வித்தியாசத்துக்கு நியாயமான காரணமும் இருக்கலாம். வேலைக்குக் கொடுத்த துணியை ஒரு பட்டியலில் சேர்த்து மற்றதில் விட்டிருக்கலாம். கேட்டதற்கு முதலாளி சிரிக்கிறார்: "பேங்குக்கு எல்லாரும் அப்படித்தான் சார் குடுப்பாங்க."

இதற்குப் பிறகு மூன்று லட்சம் தருகிறேன் என்றாலும் ஏற்கக்கூடாது என்பது என் கருத்து. வங்கிக்குத் தெரிந்தே மாற்றிச் சொல்பவர், நாளை ஆடிட்டரிடம் கையெழுத்திட்டுத் தரும் உறுதிமொழிக் கடிதத்தை எப்படி நம்புவது? முதலாளிக்கு இரண்டு வரியில் மறுப்புக் கடிதம் போதும். முழுக் காரணத்தையும் தன் அலுவலகக் கோப்பில் தேதியிட்டு எழுதி வைக்க வேண்டும். அடுத்த வருடம் அதே கம்பெனி வேறொரு பார்ட்னரிடம் வந்து நிற்கலாம்.