புரோக்கரிடம் 120, ஆல்கோவிடம் பூஜ்யம்

2012 ஆகஸ்ட் 1 அன்று காலை அமெரிக்கப் பங்குச் சந்தை திறந்ததும், நைட் கேபிடல் என்ற பெரிய வர்த்தக நிறுவனத்தின் கணினி நிறுத்தாமல் ஆர்டர் போடத் தொடங்கியது. அது நிறைவேற்ற வேண்டியிருந்தவை வெறும் 212 வாடிக்கையாளர் ஆர்டர்கள். 45 நிமிடங்களில் 154 நிறுவனங்களின் பங்குகளில் 40 லட்சத்துக்கும் அதிகமான வியாபாரங்கள் நடந்து முடிந்துவிட்டன. நஷ்டம் 46 கோடி டாலருக்கு மேல்.

காரணம் சிறியது. எட்டு சர்வர்களில் ஏழில் மட்டும் புதிய நிரல் ஏற்றப்பட்டது. விடுபட்டுப்போன எட்டாவதில், பல ஆண்டுகளாகப் பயன்படாமல் கிடந்த பழைய நிரல் ஒன்று விழித்துக்கொண்டது. “இதுவரை எத்தனை பங்கு கைக்கு வந்திருக்கிறது” என்று எண்ணிப் பார்த்து, போதுமானது வந்ததும் நிறுத்தும் வேலை ஒருகாலத்தில் அதற்குள் இருந்தது. 2005இல் அந்த எண்ணிக்கையை வேறு இடத்துக்கு மாற்றியிருந்தார்கள். அதனால் வாங்கியது எவ்வளவு என்று தெரியாமலே அது வாங்கிக்கொண்டும் விற்றுக்கொண்டும் இருந்தது.

இன்று இந்தியாவில் தனிநபர்களும் சிறிய நிரல்களை எழுதி, புரோக்கரின் ஏபிஐ வழியாக ஆர்டர் போடுகிறார்கள். பேச்சுவழக்கில் இதை ‘ஆல்கோ’ என்கிறார்கள். அப்படி இயங்கும் எந்த ஆல்கோவுக்கும் இரண்டு கணக்குகள் உண்டு. ஒன்று, தன்னிடம் இவ்வளவு பங்கு இருக்கிறது என்று ஆல்கோ தானே எழுதிவைக்கும் கணக்கு. மற்றொன்று, புரோக்கரிடம் உண்மையில் இருக்கும் பொசிஷன். இரண்டும் டேலி ஆகிறதா என்று பார்ப்பதுதான் இங்கே பேசவந்த விஷயம்.

டேலி ஆகாமல் போவது எப்படி? ஒரு கற்பனை நாளை எடுத்துக்கொள்வோம். காலை 10 மணிக்கு ஆல்கோ ஒரு பங்கை 500 ரூபாய்க்கு 200 வாங்கச் சொல்லி லிமிட் ஆர்டர் போடுகிறது. அரை நிமிடத்தில் முழுதாகக் கிடைக்காவிட்டால் ரத்து செய்துவிட வேண்டும் என்பது அதற்கு எழுதப்பட்ட விதி. 120 பங்கு கிடைத்த நிலையில் விலை மேலே போய்விடுகிறது, ஆல்கோ ரத்து செய்கிறது. ஜெரோதாவின் கைட் கனெக்ட் போன்ற ஏபிஐயில் அந்த ஆர்டர் இப்படித் தெரியும்:

```
status: CANCELLED
quantity: 200
filled_quantity: 120
cancelled_quantity: 80
```

ரத்தானது மீதி 80 மட்டுமே. ஆனால் நிரலை எழுதியவர் முதல் வரியை மட்டும் படிக்கச் சொல்லியிருந்தால், `CANCELLED` என்று பார்த்ததும் “கையில் ஒன்றுமில்லை” என்று ஆல்கோ எழுதிக்கொள்ளும். பத்து நிமிடம் கழித்து விலை மறுபடி 500க்கு வருகிறது. புதிதாக 200 வாங்குகிறது, முழுதும் கிடைக்கிறது. இப்போது புரோக்கரிடம் 320, ஆல்கோவின் கணக்கில் 200. மதியம் லாபத்தில் 200ஐ விற்றுவிட்டு வேலை முடிந்தது என்று ஓய்கிறது. அந்த 120 பங்கு மட்டும் கேட்பாரற்றுக் கிடக்கிறது. அதற்கு ஸ்டாப் லாஸ் கிடையாது, ஏனென்றால் அப்படி ஒன்று இருப்பதே ஆல்கோவுக்குத் தெரியாது. விலை 485க்கு இறங்கினால் நஷ்டம் 1,800 ரூபாய். அதே தவறு தினமும் நடந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இதைவிட மோசமானது இதற்கு நேர்மாறான நிலை. ஆல்கோ தன்னிடம் 200 இருப்பதாக நினைக்கிறது, ஆனால் உரிமையாளர் பயந்துபோய்ச் செல்போனிலேயே விற்றுவிட்டார். அல்லது இன்ட்ராடே பொசிஷனைச் சந்தை முடியும் நேரத்துக்கு முன் புரோக்கரே முடித்துவிட்டார். இது தெரியாமல் ஆல்கோவும் 200 விற்கிறது. இன்ட்ராடே கணக்கில் அந்த ஆர்டர் ஏற்கப்பட்டால், இல்லாத பங்கை விற்றதாகி, 200 பங்கு ஷார்ட் உருவாகிவிடும். வெளியே வருவதற்காகப் போட்ட ஆர்டரே புதிய ஆபத்துக்குள் கொண்டுபோய் விடுகிறது.

சரி, ஒப்பிட்டுப் பார்ப்போம் என்றால் அதிலும் சூட்சுமம் உண்டு. ஒரு ஆர்டர் பாதி வழியில் இருக்கும்போது பார்த்தால் இரண்டு கணக்கும் ஒத்துவராது. அது பிழையல்ல, தகவல் வந்துசேரும் தாமதம். அதனால் நிலுவையில் ஆர்டர் இல்லாத நேரத்தில் பார்க்க வேண்டும். வித்தியாசம் தெரிந்தால் சில விநாடி விட்டு மறுபடி பார்க்க வேண்டும். இரண்டாம் முறையும் அதே வித்தியாசம் நின்றால்தான் அது நிஜம்.

எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்பதும் முக்கியம். ஒரே கணக்கில் இரண்டு ஆல்கோ ஓடி, ஒன்று 100 இன்ட்ராடேயில் வாங்கி, மற்றொன்று அதே பங்கை 100 ஷார்ட் செய்திருந்தால், புரோக்கர் காட்டுவது பூஜ்யம். தனித்தனியாக ஒப்பிட்டால் இரண்டுமே தப்பாகத் தெரியும், கூட்டி ஒப்பிட்டால் சரியாக வரும். அதேபோல் டெலிவரிக்காக இன்று வாங்கிய பங்கு இன்று பொசிஷன் பட்டியலில் இருக்கும், மறுநாள் காலையில் ஹோல்டிங்ஸ் பட்டியலுக்குப் போய்விடும். பொசிஷனை மட்டும் பார்க்கும் ஆல்கோ, பங்கு காணாமல் போய்விட்டதாக நினைத்து மறுபடியும் வாங்கக்கூடும். போனஸோ பங்குப் பிரிப்போ நடந்தால் ஒரு ஆர்டரும் போடாமலே எண்ணிக்கை மாறும்.

வித்தியாசம் நிஜம் என்று உறுதியான பிறகு என்ன செய்வது? எண்ணிக்கை விஷயத்தில் புரோக்கர் சொல்வதையே ஏற்க வேண்டும், பணம் நிற்பது அங்கேதான். ஆனால் வித்தியாசத்தைப் பார்த்த மாத்திரத்தில் ஆர்டர் போட்டுச் சமன்செய்யும்படி நிரலை எழுதுவது வம்பை விலைக்கு வாங்குவது. படித்த தகவல் பழையதாக இருந்தால், சரிசெய்யப் போட்ட ஆர்டரே அடுத்த வித்தியாசமாகும். அதைச் சரிசெய்ய இன்னொன்று. அதனால் முதல் வேலை, அந்தப் பங்கில் புதிய ஆர்டர்களை நிறுத்துவது. அடுத்தது, மனிதருக்குத் தகவல் அனுப்புவது. பிறகு அன்றைய ஆர்டர் பட்டியலையும் டிரேடு பட்டியலையும் வரிவரியாக எடுத்து, வித்தியாசம் எந்த ஆர்டரில் பிறந்தது என்று தேடுவது. நம் கற்பனை நாளில் 120 என்ற எண்ணே துப்பு: ரத்தான ஆர்டரின் `filled_quantity`யும் அதுவே. ஒவ்வொரு ஆர்டரிலும் ஆல்கோ தன் அடையாளக் குறி ஒன்றைச் சேர்த்து அனுப்பினால் தேடல் சுலபமாகும். குறி இல்லாத ஆர்டர் என்றால் அது கையால் போட்டதாகவோ புரோக்கரே முடித்ததாகவோ இருக்கலாம்.

அந்த 120ஐ விற்பதா வைத்திருப்பதா என்பதைப் புரோக்கரின் கணக்கு சொல்லாது. எத்தனை இருக்கிறது என்று மட்டுமே அதற்குத் தெரியும், எதற்காக வாங்கப்பட்டது என்பது ஆல்கோவின் பதிவில் இருந்தால்தான் உண்டு. இதை மறந்து சிலர், ஒவ்வொரு நிமிடமும் புரோக்கரின் எண்ணையே எடுத்துத் தன் எண்ணின் மேல் எழுதிக்கொள்ளும்படி ஆல்கோவை அமைத்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு இரண்டு கணக்கும் எப்போதும் ஒத்துப்போகும், நிரலில் உள்ள பிழை மட்டும் கண்ணில் படாது. ஆல்கோ தன் ஆர்டர்களிலிருந்து தானே கூட்டிக் கழித்து வந்த எண்ணைத் தனியே வைத்திருக்க வேண்டும். அதைத் திருத்தும்போதும் நேரம், பழைய எண், புதிய எண், காரணம் நான்கையும் எழுதிவைத்த பிறகே திருத்த வேண்டும்.