வரியின் கடைசிச் சொல் கேட்க வேண்டும்

தமிழ் வாக்கியத்தில் வினைச்சொல் கடைசியில் வருகிறது. பாடுபவருக்கு மூச்சு குறைந்து குரல் இறங்குவதும் அங்கேதான். 'வந்தான்' என்பதற்கும் 'வந்தாள்' என்பதற்கும் இடையிலான வேறுபாடு முழுவதும் ஒரே ஒரு மெய்யெழுத்தில் இருக்கிறது. அந்த எழுத்து கிட்டார் ஓசைக்குள் அமிழ்ந்துவிட்டால், பாட்டில் வந்தது யார் என்றே கேட்பவருக்குத் தெரியாமல் போய்விடும்.

ஒலிப்பதிவு அறைகளில் இதற்குத் தீர்வாகத் தொடக்கத்தில் இருந்தது பொறியாளரின் விரல் மட்டுமே. பாடகர் குரலை உயர்த்தும்போது ஃபேடரைக் கொஞ்சம் கீழே இழுப்பார், தாழ்த்தும்போது மேலே தள்ளுவார். பாட்டு மனப்பாடமாகத் தெரிந்திருந்தால்தான் இந்த வேலை சரியாக நடக்கும். இதையே தானாகச் செய்யும் கருவிதான் கம்ப்ரசர். 1960களில் அமெரிக்காவின் டெலட்ரானிக்ஸ் நிறுவனத்தில் ஜிம் லாரன்ஸ் வடிவமைத்த எல்ஏ-2ஏ அவற்றில் புகழ்பெற்றது. குரல் உரத்தால் அதற்குள் இருக்கும் ஒளித்தகடு பிரகாசிக்கும். அந்த வெளிச்சம் பட்டதும் பக்கத்திலுள்ள ஒளி உணரி தன் மின்தடையை மாற்றிக்கொண்டு ஒலியைக் குறைக்கும். ஒளி உணரி பழைய நிலைக்குத் திரும்ப நேரம் எடுத்துக்கொள்வதால் ஒலி மாற்றம் வழவழப்பாக இருக்கும். இன்றும் பாடகர்களின் குரலுக்கு அதையோ, அதன் மென்பொருள் நகலையோ பலர் தேடிப் போவதற்கு இதுதான் காரணம்.

கம்ப்ரசர் பற்றிப் பலரும் தவறாக நினைப்பது ஒன்று உண்டு. அது மெல்லிய சொற்களைத் தூக்கிவிடுவதில்லை. உரத்த சொற்களைத்தான் தாழ்த்துகிறது. எந்த அளவைத் தாண்டினால் தாழ்த்த வேண்டும் என்பதை 'த்ரெஷோல்ட்' சொல்கிறது. எவ்வளவு தாழ்த்த வேண்டும் என்பதை 'ரேஷியோ' சொல்கிறது. இரண்டுக்கு ஒன்று என்று வைத்தால், எல்லையை 8 டெசிபல் தாண்டிய ஒலி 4 டெசிபல் மட்டுமே தாண்டியதாக வெளியே வரும். பிறகு மொத்தக் குரலையும் கொஞ்சம் உயர்த்துகிறோம். மெல்லிய சொற்கள் மேலே வருவது அந்தக் கடைசிப் படியில்தான்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் இது தெளிவாகும். வீட்டு அறையில் ஒரு பெண் மெதுவான பாட்டு ஒன்றைப் பாடிப் பதிவு செய்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். டிஜிட்டல் அளவில் உச்சம் பூஜ்யம். மற்றவை எல்லாம் அதற்குக் கீழே, மைனஸில் இருக்கும். அவருடைய உரத்த சொற்கள் -8 டெசிபலைத் தொடுகின்றன. வரி இறுதிச் சொற்கள் -22-இல் கிடக்கின்றன. இடையே 14 டெசிபல் பள்ளம்.

முதல் வேலை, கருவியைத் தொடாமல் கையால் செய்வது. பதிவில் அந்த இறுதிச் சொற்களை மட்டும் தேர்ந்தெடுத்து 3 டெசிபல் ஏற்றினால் அவை -19-க்கு வரும். பிறகு கம்ப்ரசரில் எல்லையை -16 என்றும் விகிதத்தை இரண்டுக்கு ஒன்று என்றும் வைக்கலாம். -8-இல் இருந்த உரத்த சொல் -12-க்கு இறங்கும். -19-இல் இருக்கும் மெல்லிய சொல் எல்லைக்குக் கீழே இருப்பதால் கருவி அதைத் தொடாது. இப்போது மொத்தக் குரலையும் 4 டெசிபல் உயர்த்தினால், உரத்த சொல் பழையபடி -8. மெல்லிய சொல் -15. பள்ளம் 7 டெசிபலாகப் பாதி குறைந்துவிட்டது. ஆனாலும் எது உரத்தது, எது மெல்லியது என்பது காதுக்குத் தெரிகிறது.

இதே பதிவில் எல்லையை -30-க்கு இறக்கி, விகிதத்தைப் பத்துக்கு ஒன்று என்று வைத்தால் என்ன ஆகும்? கையால் எதையும் ஏற்றாமலேயே, 14 டெசிபல் வேறுபாடு ஒன்றரை டெசிபலுக்கும் கீழே சுருங்கிவிடும். முணுமுணுப்பும் கூவலும் ஒரே உயரத்தில் நிற்கும். உரத்த இடங்களில் கருவி ஏறக்குறைய 20 டெசிபல் வெட்டியிருக்கும். அதை ஈடுகட்ட அத்தனையும் திரும்ப ஏற்ற வேண்டும். அப்போது குரலோடு சேர்ந்து அறையின் மின்விசிறி இரைச்சல், மூச்சிழுப்பு, நாக்குச் சப்தம் எல்லாமே 20 டெசிபல் ஏறும். 'நசுங்கின குரல்' என்று சொல்வது இதைத்தான்.

எண்கள் சரியாக இருந்தும் மெல்லிய சொல் தொலைவது உண்டு. அதற்குக் காரணம் நேரம். உரத்த சொல் முடிந்தபின் கருவி தன் பிடியைத் தளர்த்த எடுத்துக்கொள்ளும் காலத்தை 'ரிலீஸ்' என்பார்கள். உரத்த சொல்லுக்குக் கால் நொடி கழித்து மெல்லிய சொல் வருகிறது, ரிலீஸோ ஒரு நொடி என்றால், அந்த மெல்லிய சொல்லும் பிடியில் மாட்டி இன்னும் தாழ்ந்துபோகும். ரிலீஸை மிகவும் குறைத்துவிட்டால், சொல்லுக்குச் சொல் பின்னணி இரைச்சல் பொங்கி அடங்கும். சாதாரண வேகப் பாட்டுக்கு 100 முதல் 200 மில்லி நொடி வரை வைத்துத் தொடங்கலாம். வரியின் கடைசிச் சொல் வருவதற்குள் மீட்டரின் முள் பூஜ்யத்தை நெருங்குகிறதா என்று பார்த்து மாற்றிக்கொள்ள வேண்டும்.

பிடி இறுகும் வேகமான 'அட்டாக்' இன்னொரு பக்கம். அதை ஓரிரு மில்லி நொடியில் வைத்தால் சொல் தொடக்கத்தில் வரும் க, த, ப போன்ற வல்லின எழுத்துகளின் வெடிப்பு மழுங்கி, திரைக்குப் பின்னாலிருந்து பாடுவது போலாகிவிடும். 15 முதல் 25 மில்லி நொடி கொடுத்தால் வெடிப்பு தப்பிவிடும், அதன் பின் வரும் உயிரொலி மட்டும் தாழும். அந்தச் சிறு தாமதத்தால் மீட்டர் காட்டும் குறைப்பு, மேலே போட்ட கணக்கைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும். உரத்த இடங்களில் 3, 4 டெசிபல் காட்டினால் போதும். அதற்கு மேல் தேவைப்பட்டால் ஒரே கருவியை முறுக்குவதைவிட, இரண்டு கம்ப்ரசர்களை அடுத்தடுத்து வைத்து ஆளுக்கு 2 டெசிபல் குறைக்கச் சொல்வது நல்லது.

காதை ஏமாற்றும் விஷயம் ஒன்று இருக்கிறது. சத்தம் கூடினாலே நன்றாக இருப்பது போலத் தோன்றும். அதனால் கம்ப்ரசரைப் போட்டும் எடுத்தும் ஒப்பிடும்போது இரண்டு குரலும் ஒரே சத்தத்தில் இருக்கும்படி முதலில் சரிசெய்ய வேண்டும். பிறகு ஸ்பீக்கரின் ஒலியை, பக்கத்தில் இருவர் பேசினால் கேட்கும் அளவுக்குக் குறைத்துவிட்டு, பாட்டை இசையோடு ஓட்டிப் பார்க்க வேண்டும். வரியைத் தெரியாத ஒருவரைக் கேட்கச் சொல்லி, இறுதிச் சொல்லைத் திரும்பச் சொல்ல வைத்தால் இன்னும் நல்லது. பாட்டை நூறு முறை கேட்டவரின் மூளை, விழாத சொல்லையும் நிரப்பிக்கொள்ளும்.

எல்லாம் செய்த பிறகும் ஓரிரு சொல் எட்டாமல் நிற்கலாம். பாடியவர் அந்த இடத்தில் மைக்கிலிருந்து முகத்தைத் திருப்பியிருந்தால் மெய்யெழுத்தே பதிவாகியிருக்காது. அந்த வரியை மட்டும் மறுபடி பாடவைப்பதே வழி. எழுத்து தெளிவாகப் பதிவாகியும் இசைக்குள் மறைகிறது என்றால், கம்ப்ரசரை விட்டுவிட்டு அந்த அரை நொடிக்குக் கிட்டாரை ஓரிரு டெசிபல் இறக்கிப் பார்க்கலாம்.