பக்கத்து சீட்டுக்காரருக்கு இருட்டு, நமக்கு மங்கல்

லேப்டாப்புக்கு பிரைவசி ஃபில்டர் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு விஷயங்களைத்தான் பார்க்கிறார்கள்: திரை எத்தனை அங்குலம், விலை எவ்வளவு. மாட்டிப் பார்த்த பிறகுதான் திரை மங்கிப்போனதும், வெள்ளைப் பக்கம் பழுப்பேறியதும், ஓரத்து எழுத்துகள் இருட்டில் ஒதுங்கியதும் தெரிகிறது. சில நாளில் ஃபில்டர் மேசை இழுப்பறைக்குப் போய்விடுகிறது. வாங்கும் முன்பே இரண்டு கேள்விகளுக்குப் பதில் தெரிந்திருந்தால் இந்தச் செலவு வீணாகாது. நம் திரையை யார், எந்தத் திசையிலிருந்து பார்க்கிறார்? இழப்பதற்கு நம் திரையில் எவ்வளவு வெளிச்சம் இருக்கிறது?

ஃபில்டர் என்ன செய்கிறது என்பதைப் புரிந்துகொள்வது எளிது. பழைய வீடுகளின் மரப்பட்டை ஜன்னலை நினைத்துக்கொள்ளுங்கள். நேர் எதிரே நின்றால் பட்டைகளின் இடைவெளி வழியே உள்ளே தெரியும். விலகி நின்றால் பட்டைகளே கண்ணை மறைக்கும். ஃபில்டருக்குள்ளும் இப்படிக் கறுப்புப் பட்டைகள் செங்குத்தாக, மிக நெருக்கமாக நிற்கின்றன. 3எம் நிறுவனம் இதை மைக்ரோலூவர் என்கிறது. திரையின் வெளிச்சம் நேராக வந்தால் பட்டைகளுக்கு நடுவே கடந்துவிடும். சாய்ந்து வந்தால் பட்டையில் மோதி அங்கேயே நின்றுவிடும்.

இதிலிருந்தே எல்லா நன்மையும் எல்லா நஷ்டமும் வருகின்றன. பட்டைகளுக்கும் ஒரு தடிமன் உண்டு என்பதால், நேராக வரும் வெளிச்சத்திலும் ஒரு பகுதியை அவை விழுங்குகின்றன. பட்டைகள் செங்குத்தாக நிற்பதால், மறைப்பு இடமும் வலமும் மட்டும்தான். மேலிருந்தோ பின்னாலிருந்தோ பார்ப்பவருக்கு எந்தத் தடையும் இல்லை.

ரயிலில் ஒரு கணக்கு

பெட்டியில் "60 டிகிரி" என்று அச்சிட்டிருப்பார்கள். அது மொத்தக் கோணம். ஒரு பக்கத்துக்கு 30 டிகிரி. திரையின் ஒரு புள்ளியிலிருந்து நேராகக் கோடு இழுத்தால், அந்தக் கோட்டிலிருந்து 30 டிகிரிக்கு மேல் விலகியிருக்கும் கண்ணுக்கு அந்தப் புள்ளி இருட்டாகத் தெரியும். "அந்தப் புள்ளி" என்பதை மறந்துவிடக் கூடாது. திரையின் இடது ஓரம், நடு, வலது ஓரம் ஆகிய மூன்றுக்கும் கோணம் வேறு வேறு.

சென்னையிலிருந்து கோவைக்குச் சேர் காரில் போகும் ஒருவர் 14 அங்குல லேப்டாப்பைத் திறந்து ஊழியர்களின் சம்பளப் பட்டியலைப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். திரையின் அகலம் சுமார் 30 செ.மீ. கண்ணுக்கும் திரைக்கும் 55 செ.மீ. பக்கத்து சீட்டுக்காரரின் தலை 45 செ.மீ. தள்ளி இருக்கிறது. அவருக்குத் திரையின் நடு ஏறக்குறைய 39 டிகிரி விலகலில் இருக்கிறது, அது இருட்டு. அவருக்கு எட்டத்தில் உள்ள ஓரம் 47 டிகிரி, அதுவும் இருட்டு. ஆனால் அவர் பக்கத்து ஓரம் 29 டிகிரிக்குள் வந்துவிடுகிறது. அந்த ஓரத்தில் இருப்பது அவருக்கு லேசாகத் தெரியும். அவர் கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்தால் இன்னும் நன்றாகவே தெரியும். பட்டியலின் பெயர் வரிசை அந்த ஓரத்தில் இருந்தால், ஃபில்டர் மாட்டியும் பெயர்கள் வெளியே போகின்றன. சாளரத்தைச் சற்றுச் சுருக்கி, பக்கத்தில் ஆள் இல்லாத ஓரத்துக்குத் தள்ளி வைத்துக்கொள்வது இதற்கு எளிய வழி.

பின்வரிசைக்காரரின் கணக்கு இன்னும் முக்கியம். இரண்டு சீட்டுகளின் இடைவெளி வழியே அவர் எட்டிப் பார்க்கிறார். திரையிலிருந்து சுமார் ஒன்றரை மீட்டர் தூரம். பக்கவாட்டில் 20 செ.மீ. விலகல். கோணம் 8 டிகிரிக்கும் குறைவு. ஃபில்டரைப் பொறுத்தவரை அவரும் உரிமையாளரும் ஒன்றுதான். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே அளவு வெளிச்சம் போகிறது. அவர் கண்ணுக்குச் சிறிய எழுத்து எட்டாமல் இருக்கலாம். அவர் போன் கேமரா உருப்பெருக்கினால் எட்டும். முதுகுக்குப் பின்னால் நிற்கும் ஆளுக்கும், காபிக் கடையில் நமக்குப் பின்புறம் மேலே மாட்டியிருக்கும் கேமராவுக்கும் இதே கதைதான். அவர்களிடமிருந்து காப்பது நம் முதுகுக்குப் பின்னால் இருக்கும் சுவர்தான், ஃபில்டர் அல்ல.

மேலிருந்தும் கீழிருந்தும் மறைக்கும் நான்கு பக்க ஃபில்டர்களும் விற்கின்றன. அவற்றில் குறுக்குப் பட்டைகளும் சேர்வதால் வெளிச்சம் இன்னும் அதிகமாகக் குறையும். நேர் பின்னால் இருப்பவரை அவையும் தடுக்காது.

வெளிச்சத்தில் எவ்வளவு போகும்?

சாதாரண இருபக்க ஃபில்டர் நேராக வரும் வெளிச்சத்தில் சுமார் 60 முதல் 70 சதவீதத்தைத்தான் விடும். திரையின் பிரகாசத்தை நிட்ஸ் என்ற அலகில் சொல்வார்கள். விலை குறைந்த லேப்டாப்கள் பலவற்றில் முழு பிரைட்னஸே 250 நிட்ஸ்தான். 60 சதவீதம் விடும் ஃபில்டரை மாட்டினால் அது 150 நிட்ஸ் ஆகிறது. ட்யூப் லைட் வெளிச்சத்தில், ஓர் அறைக்குள் அது போதும். பகல் ரயிலின் ஜன்னலோரத்தில் 250 நிட்ஸே திணறும். 150 நிட்ஸில் படிக்கக் கண்ணைச் சுருக்க வேண்டியிருக்கும். 400 நிட்ஸ் திரைக்கு அதே ஃபில்டரை மாட்டினால் 240 மிஞ்சும். ஆகவே ஃபில்டரோடு நாள் முழுக்க வேலை செய்யப் போகிறவருக்கு, ஃபில்டரின் தரத்தைவிட லேப்டாப்பின் நிட்ஸ் எண்ணிக்கைதான் பெரிய விஷயம்.

இழந்த வெளிச்சத்தை ஈடுகட்ட பிரைட்னஸைக் கூட்டுவோம். அதன் விலையை பேட்டரி கொடுக்கிறது. ஒரு லேப்டாப் எளிய வேலைக்கு மொத்தம் 7 வாட் இழுக்கிறது, அதில் திரைக்கு 3 வாட் என்று வைத்துக்கொள்வோம். 60 சதவீத ஃபில்டரில் பழைய வெளிச்சமே வேண்டுமானால் திரைக்கு 5 வாட் தேவை. மொத்தம் 9 ஆகிறது. 50 வாட்-மணி பேட்டரி 7 மணி நேரம் வந்தது, இனி ஐந்தரை மணி நேரம்தான் வரும். பிரைட்னஸைக் கூட்டினால் பக்கவாட்டில் கசியும் வெளிச்சமும் கூடுகிறது என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும். விளக்கணைத்த இரவுப் பேருந்தில் முழு பிரைட்னஸில் வேலை செய்தால், பகலில் கறுப்பாகத் தெரிந்த திரை பக்கத்து ஆளுக்கு மங்கலாகவேனும் படிக்கக் கிடைக்கும். இருட்டில் பிரைட்னஸைக் குறைப்பது கண்ணுக்கும் நல்லது, மறைப்புக்கும் நல்லது.

நம் கண்ணுக்கும் கோணம் உண்டு

மறைப்பு பக்கத்து ஆளுக்கு மட்டும் என்று நினைக்கிறோம். அதே 55 செ.மீ. தூரத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத் தன் திரையின் ஓரங்கள் 15 டிகிரி விலகலில் இருக்கின்றன. மைக்ரோலூவர் 30 டிகிரி வரை அப்படியே விட்டுவிட்டு அங்கே திடீரென்று அணைப்பதில்லை. நடுவிலிருந்தே படிப்படியாகக் குறைத்துக்கொண்டு வருகிறது. 30 டிகிரியில் முழுதாக இருட்டும் ஃபில்டரில், 15 டிகிரியில் ஏறக்குறைய பாதி வெளிச்சம்தான் மிஞ்சும். ஓரங்கள் நிழல் விழுந்தாற்போல் தெரிவது இதனால்தான், அது பழுதில்லை.

இதற்குத் தீர்வு இன்னும் குறுகலான ஃபில்டர் வாங்குவதில் இல்லை. சற்றுத் தள்ளி உட்கார்வதில் இருக்கிறது. 65 செ.மீ. தூரத்துக்குப் போனால் ஓரத்தின் விலகல் 13 டிகிரியாகிறது. மேசை மானிட்டர்களில் இந்தச் சிக்கல் பெரிது. 27 அங்குல மானிட்டரின் அகலம் 60 செ.மீ.; 60 செ.மீ. தூரத்தில் அதன் ஓரங்கள் 26 டிகிரியைத் தாண்டிவிடும். உரிமையாளருக்கே ஓரங்கள் இருண்டுபோகும். லேப்டாப்பில் நன்றாக வேலை செய்த ஃபில்டரைப் பார்த்து, அதே வகையைப் பெரிய மானிட்டருக்கு வாங்குபவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

நிறத்தைப் பொறுத்தவரை, ஃபில்டர் வெள்ளையைச் சற்று மஞ்சளாகவோ சாம்பலாகவோ மாற்றும். தங்க நிற ஃபில்டர்களில் பக்கத்திலிருந்து பார்ப்பவருக்குக் கறுப்புக்குப் பதில் தங்கப் பளபளப்பு தெரியும். முன்னால் இருப்பவருக்கு முதுகுப்பக்க விளக்கும் ஜன்னலும் அதில் பிரதிபலிக்கும். பல ஃபில்டர்களை இரு பக்கமும் திருப்பி மாட்டலாம். பளபளப்பான பக்கம் எழுத்தைக் கூர்மையாகக் காட்டும், பிரதிபலிப்பையும் சேர்த்து. மங்கலான பக்கம் பிரதிபலிப்பைக் கலைக்கும். ஆனால் வெள்ளைப் பக்கத்தில் மணல் தூவியதுபோல் பொடிப்பொடியாக மின்னும். ஃபில்டரின் பட்டைகளும் திரையின் பிக்சல் வரிசையும் ஒன்றோடொன்று மோதினால் அலை அலையான கோடுகளும் தோன்றலாம். புகைப்படம் திருத்துபவர், துணி நிறம் பார்ப்பவர், அச்சுக்கு வடிவமைப்பவர் ஆகியோர் அந்த வேலையின்போது ஃபில்டரைக் கழற்றிவிடத்தான் வேண்டும்.

வாங்கும்போதும் வாங்கிய பிறகும்

அங்குலம் மட்டும் சொல்லி வாங்காதீர்கள். 16:9 விகிதத்தில் உள்ள 14 அங்குலத் திரை ஏறக்குறைய 310 மி.மீ. அகலம், 174 மி.மீ. உயரம். 16:10 விகிதத்தில் அதே 14 அங்குலம் 302 மி.மீ. அகலம், 188 மி.மீ. உயரம். ஒன்றுக்குரியது மற்றதில் பொருந்தாது. படம் தெரியும் பகுதியை ஸ்கேலால் அளந்து மி.மீ. கணக்கில் சொல்லுங்கள்.

கழற்றி மாட்டும்படி இருப்பது அவசியம். ஓரத்தில் ஒட்டும் சிறு தாவல்களில் செருகும் வகையோ காந்த வகையோ இதற்கு ஏற்றது. முழுத் திரையிலும் ஒட்டுவது வேண்டாம். மெல்லிய லேப்டாப்களில் மூடும்போது திரைக்கும் கீபோர்டுக்கும் நடுவே இடமே இருக்காது. மேக்புக்கை மூடும்போது கேமரா மறைப்பு 0.1 மி.மீ.க்கு மேல் தடிமனாக இருக்கக் கூடாது என்று ஆப்பிள் எச்சரித்திருக்கிறது. ஃபில்டர் அதைவிடத் தடிமனானது. கழற்றிவிட்டு மூடுவதே நல்லது.

திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் மூன்று சோதனைகள் போதும். முதலாவது நிறத்துக்கு: ஒட்டாமல், ஃபில்டரைத் திரையின் பாதியை மறைத்தபடி பிடியுங்கள். வெறும் வெள்ளைப் பக்கத்தையும் மனித முகம் உள்ள ஒரு படத்தையும் பாருங்கள். நிற மாற்றம் அருகருகே தெரிந்துவிடும். இரண்டாவது வெளிச்சத்துக்கு: தானியங்கி பிரைட்னஸை அணைத்துவிட்டு, வழக்கமாக உட்காரும் தூரத்திலிருந்து போன் கேமராவின் புரோ முறையில் வெள்ளைப் பக்கத்தின் நடுவைப் பாருங்கள். ஐ.எஸ்.ஓ. எண்ணை மாற்றாமல், ஒரே அளவு வெளிச்சம் தெரிய ஃபில்டர் இல்லாமல் ஷட்டர் 1/100, ஃபில்டரோடு 1/60 தேவைப்பட்டால், ஃபில்டர் விடுவது 60 சதவீதம். போனைத் திரையில் ஒட்டி வைத்து லக்ஸ் ஆப்பில் அளப்பது சரிவராது. சாய்வாக வரும் வெளிச்சத்தையும் சேர்த்து அளப்பதால் இழப்பு உண்மையைவிட அதிகமாகத் தெரியும். மூன்றாவது கோணத்துக்கு: இரவில் விளக்கை அணைத்து, திரையின் நடுவிலிருந்து 60 செ.மீ. முன்னாலும் அங்கிருந்து 35 செ.மீ. பக்கவாட்டிலும் கண்ணை வைத்துப் பாருங்கள். அந்த இடம்தான் 30 டிகிரி. அங்கிருந்து நடுவில் உள்ள வரியைப் படிக்க முடிந்தால், பெட்டியில் அச்சிட்டது பொய்.

புது லேப்டாப்பே வாங்கப் போகிறவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. எச்.பி. 2016-இல் ஷூர் வியூ என்று ஒரு வசதியைக் கொண்டுவந்தது. ஒரு விசையைத் தட்டினால் திரை குறுகும், மறுபடி தட்டினால் விரியும். லெனோவாவும் டெல்லும் இதே போன்ற திரைகளைத் தங்கள் அலுவலக லேப்டாப்களில் தருகின்றன. குறுக்கிய நிலையில் இவையும் மங்கத்தான் செய்யும். ஆனால் தனியாக வேலை செய்யும் நேரத்துக்கு இழப்பைக் கட்ட வேண்டியதில்லை.

நாள் முழுக்க பக்கத்தில் ஆள் இருக்கும் இடத்தில் ரகசியக் கோப்புகளோடு வேலை, திரையும் 300 நிட்ஸுக்கு மேல் என்றால் ஃபில்டர் தன் விலைக்கு உழைக்கும். திரை 250 நிட்ஸ், பார்ப்பவர் பின்னால்தான் இருக்கிறார் என்றால், அந்தப் பணத்தை மிச்சப்படுத்தி, சுவரோர இருக்கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.