மூன்று டெசிபல் எங்கிருந்து?

பத்து கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று, பத்து நானோ ஃபேரட் கெப்பாசிட்டர் ஒன்று. சிக்னல் ரெசிஸ்டர் வழியே வருகிறது, கெப்பாசிட்டரின் இரு முனைகளுக்கு இடையே வெளியீட்டை எடுக்கிறோம். தாழ்ந்த அதிர்வெண்களைக் கடத்திவிட்டு உயர்ந்தவற்றை மட்டுப்படுத்தும் ஃபில்டர்களில் இதைவிட எளியது கிடையாது. எந்த அதிர்வெண்ணிலிருந்து இது மட்டுப்படுத்தத் தொடங்குகிறது என்பதை வரைபடம் பார்த்துச் சொல்ல வேண்டும்.

வரைபடத்தில் இரண்டு கோடுகள் உண்டு. மேலே கெயின், டெசிபலில். கீழே ஃபேஸ், பாகையில். இரண்டுக்கும் கிடை அச்சு அதிர்வெண்தான். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய ஹென்ட்ரிக் போடேயின் பெயரால் இதைப் போடே வரைபடம் என்கிறார்கள்.

கெயின் கோடு இடப்பக்கம் தட்டையாக, சுழிய டெசிபலில் ஓடுகிறது. உள்ளே போனது அப்படியே வெளியே வருகிறது என்று பொருள். பிறகு மெல்ல வளைந்து, அதிர்வெண் பத்து மடங்கு கூடினால் 20 டெசிபல் குறையும் நேர்ச்சரிவாகிறது. வெளியீட்டின் திறன் பாதியாகும் இடத்தைத்தான் கட்-ஆஃப் என்கிறோம். திறன் பாதியானால் மின்னழுத்தம் 0.707 மடங்காகும், டெசிபலில் அது ஏறக்குறைய மூன்று குறைவு. மைனஸ் மூன்றில் கிடைக்கோடு ஒன்று இழுத்து, அது வளைவைத் தொடும் புள்ளியிலிருந்து கீழே இறங்கினால் அச்சில் விடை.

ஆனால் அந்த அச்சு மடக்கை அளவையில் இருக்கிறது. நம் புள்ளி 1 கிலோ ஹெர்ட்ஸுக்கும் 10 கிலோ ஹெர்ட்ஸுக்கும் நடுவே, ஐந்தில் ஒரு பங்கு தூரத்தில் விழும். சாதாரண அளவுகோல் பழக்கத்தில் இதை 2.8 என்று படித்துவிடுவோம். உண்மையில் அங்கே இருப்பது 1.59 கிலோ ஹெர்ட்ஸ். சூத்திரமும் அதையே தருகிறது:

```
fc = 1 / (2πRC) = 1 / (2π × 10000 × 0.00000001) ≈ 1592 Hz
```

கெப்பாசிட்டர் பத்து சதவீதம் கூடக்குறைய இருப்பது சகஜம் என்பதால், கடைசி இரண்டு இலக்கங்களுக்காக யாரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

கீழே இருக்கும் ஃபேஸ் கோட்டைப் பலர் அலங்காரமாகவே நினைத்துக் கடந்துவிடுகிறார்கள். இந்த ஃபில்டரில் அது சுழியத்தில் தொடங்கி மைனஸ் 90 பாகையை நோக்கி இறங்குகிறது. கட்-ஆஃபில் மிகச்சரியாக மைனஸ் 45. கெயினைப் படிப்பதில் அரை டெசிபல் பிசகினாலே அதிர்வெண் பத்து சதவீதத்துக்கு மேல் தள்ளிப்போகும். ஆகவே 45 பாகை விழும் இடமும் அதே அதிர்வெண்ணைச் சொல்கிறதா என்று ஒப்பிட்டுக்கொள்வது நல்லது.

ஃபேஸின் அருமை இன்னொரு சூழலில்தான் தெரியும். இதே ஃபில்டரின் வெளியீட்டில், பத்து கிலோ ஓம் உள்ளீட்டுத் தடை கொண்ட அடுத்த சர்க்யூட்டை இணைத்துவிட்டு அளக்கிறோம் என்று வையுங்கள். இரண்டு ரெசிஸ்டர்களும் மின்னழுத்தத்தைப் பாதிப்பாதியாகப் பங்கிட்டுக்கொள்வதால், தட்டையான பகுதியே மைனஸ் 6 டெசிபலில் தொடங்குகிறது. மைனஸ் மூன்றில் கோடு இழுத்தால் அது வளைவைத் தொடவே தொடாது. மூன்று டெசிபலைச் சுழியத்திலிருந்து எண்ணக் கூடாது, தட்டைப் பகுதியின் உயரத்திலிருந்து எண்ண வேண்டும். இங்கே மைனஸ் ஒன்பதில் தேடினால் விடை 3.18 கிலோ ஹெர்ட்ஸ். கெப்பாசிட்டர் பார்க்கும் தடை இரண்டு ரெசிஸ்டர்களும் பக்க இணைப்பில் சேர்ந்த ஐந்து கிலோ ஓம் ஆகிவிட்டதால், கட்-ஆஃப் இரட்டிப்பாகியிருக்கிறது. ஃபேஸ் கோடும் அதே 3.18-இல்தான் 45 பாகையைக் கடக்கிறது.

ஃபேஸுக்கும் தொடக்கம் முக்கியம். சிக்னலைத் தலைகீழாக்கும் ஆம்ப்ளிஃபயர் இடையில் இருந்தால் கோடு 180 பாகையிலிருந்து கிளம்பும். அப்போது 135-ஐத் தேட வேண்டும்.

ஆனால் 45 பாகை விதி எல்லா ஃபில்டருக்கும் செல்லாது. சரிவு 20 டெசிபல் அல்லாமல் 40 டெசிபலாக இருந்தால் அது இரண்டாம் படி ஃபில்டர். நம்முடையதைப் போன்ற இரண்டை, ஒன்றின் சுமை மற்றதைப் பாதிக்காதபடி நடுவே பஃபர் வைத்து அடுக்கினால், 1.59 கிலோ ஹெர்ட்ஸில் கெயின் ஆறு டெசிபல் குறைந்திருக்கும், ஃபேஸ் 90 பாகை பின்தங்கியிருக்கும். மூன்று டெசிபல் குறையும் இடமோ சுமார் 1.02 கிலோ ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். அங்கே ஃபேஸ் ஏறத்தாழ மைனஸ் 65. இதே 40 டெசிபல் சரிவுள்ள பட்டர்வொர்த் ஃபில்டரிலோ மூன்று டெசிபல் புள்ளியும் 90 பாகையும் ஒரே இடத்தில் விழும். அதனால் முதலில் சரிவை அளந்துவிட்டு, அதன் பிறகுதான் ஃபேஸில் எந்த எண்ணைத் தேடுவது என்று முடிவுசெய்ய வேண்டும்.