ஆடுகள் வந்தன: ஆரம்ப வகுப்பில் ஓசைவழி இலக்கணம்

ஆரம்பப் பிரிவு ஆசிரியர்களுக்கான ஒரு செயலமர்வுக்காக இரண்டு பக்கக் கையேடு ஒன்று எழுதிக் கொடுத்தேன். பாட்டு, சந்தம், கூட்டாக ஓதுதல் ஆகியவற்றின் வழியே இலக்கணம் கற்பிப்பதுதான் தலைப்பு. இரண்டு பக்கத்துக்குள் காரணங்களைச் சொல்ல இடமிருக்கவில்லை. ஆகவே அதிலுள்ள ஒரேயொரு பாடத்தை மட்டும் எடுத்து இங்கே விரித்து எழுதுகிறேன். அது எழுவாய் பயனிலை இயைபு. அதிலும் அஃறிணைப் பன்மை.

தரம் 4 பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்துகிறவர்களுக்கு இந்த வசனம் பழக்கமானது: “மாடுகள் வயலில் மேய்ந்தது.” சிவப்புப் பேனையால் ‘மேய்ந்தன’ என்று எழுதிக் கொடுக்கிறோம். அடுத்த கிழமையும் அதே ‘மேய்ந்தது’ வருகிறது. பிள்ளை மறந்துவிட்டதென்று நினைக்கிறோம். உண்மையில் மறக்க அங்கே ஒன்றுமில்லை. நமது வீட்டுப் பேச்சில் “மாடு வந்திச்சி”, “மாடெல்லாம் வந்திச்சி” என்றுதான் சொல்கிறோம். ஒன்றுக்கும் பலவுக்கும் வினைச்சொல் ஒன்றே. மனிதர்களைப் பற்றிப் பேசும்போது “உம்மா வந்தா”, “மாமிமார் வந்தாங்க” என்று வேறுபாடு காட்டுகிற அதே வாய், ஆடு மாட்டுக்கு வரும்போது அதைக் காட்டுவதில்லை. ‘வந்தன’ என்ற சொல்லைப் பிள்ளை பள்ளிக்கூடப் புத்தகத்திலேதான் முதன்முதலாகச் சந்திக்கிறது. காதில் ஒருநாளும் விழாத ஓசையைக் கையால் எழுதச் சொல்கிறோம். அந்த ஓசையை முதலில் காதுக்குக் கொடுக்க வேண்டும் என்பதனால்தான் இந்த இடத்தில் பாட்டு உதவுகிறது.

நான் முதலில் செய்தது பெரிய பிழை. திணை இரண்டு, பால் ஐந்து, எண் இரண்டு, இடம் மூன்று என்று எல்லாவற்றையும் அடக்கி, நல்ல மெட்டில் ஒரு பாட்டுக் கட்டினேன். பிள்ளைகள் ஒரு கிழமையில் பாடமாக்கிவிட்டார்கள். கலை விழாவில் மேடையேற்றினோம், பெற்றோர் கைதட்டினார்கள். அதே வாரம் கட்டுரைக் கொப்பிகளைத் திறந்தால் மாடுகள் இன்னும் ‘மேய்ந்தது’. பலவின்பால் என்றால் என்னவென்று பாட்டாகவே சொல்லத் தெரிந்த பிள்ளைகளின் கைக்கு, பலவின்பால் வினைமுற்று ஒன்றை எழுதத் தெரியவில்லை. இலக்கணத்தைப் பற்றிய பாட்டு வேறு, இலக்கணம் உள்ளே இருக்கிற பாட்டு வேறு. நமக்கு வேண்டியது இரண்டாவது. விதியை ஓத வேண்டியதில்லை. வசனத்தையே ஓத வேண்டும். நன்னூலார் பலவின்பால் வினைக்கு அகர ஈறு சொன்னது பல்கலைக்கழகத்தில் படித்த எனக்குப் போதும். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு ‘ன’ என்று முடிகிற ஓசை போதும்.

இப்போது நான் செய்வது இதுதான். நான் ஒருமையைச் சொல்வேன், வகுப்பு பன்மையைத் திருப்பிச் சொல்லும். வாத்தியம் ஒன்றும் வேண்டாம், உள்ளங்கைத் தட்டுப் போதும். பாட்டென்றால் முகம் சுளிக்கிற பெற்றோர் நமது ஊர்களில் இருக்கிறார்கள். இது ஓதலும் கைதட்டும்தான் என்றதும் அவர்களுக்கும் சங்கடமில்லை.

ஆடு வந்தது – ஆடுகள் வந்தன
ஆடு மேய்ந்தது – ஆடுகள் மேய்ந்தன
ஆடு நனைந்தது – ஆடுகள் நனைந்தன
ஆடு படுத்தது – ஆடுகள் படுத்தன

நாலு அடியிலும் எழுவாய் ஆடுதான் என்பதைக் கவனியுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் பிள்ளையின் காது விலங்குகளின் பெயரிலே போய்விடும். வினை மாத்திரம் மாறினால், ‘கள்’ என்று தொடங்கினால் ‘ன’ என்று முடிக்க வேண்டும் என்பது தானாகப் படியும். ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம், மூன்று நாள். அதற்குப் பிறகு ஆட்டை விட்டுவிட்டு கோழி, மரம், பந்து என்று மாற்றலாம். மரமும் பந்தும் கட்டாயம் வர வேண்டும். இல்லாவிட்டால் ‘ன’ என்பது விலங்குகளுக்குரியது என்று பிள்ளை முடிவெடுத்துவிடும்.

இந்த அடிகளில் இன்னொரு ஒழுங்கும் இருக்கிறது. ‘வந்தது’, ‘வந்தன’ இரண்டையும் கைதட்டிச் சொல்லிப் பாருங்கள்: வந்–த–து, வந்–த–ன. மூன்று தட்டுக்கு மூன்று தட்டு. கடைசித் தட்டு மட்டும் மாறுகிறது. இந்த ஒழுங்கே பிறகு ஒரு பிழைக்கும் காரணமாகிறது. ‘மழைநாள்’ என்று படம் பார்த்து எழுதச் சொன்னபோது, ஒரு கெட்டிக்காரப் பிள்ளை எழுதியது: “மரங்கள் ஆடியன. கோழிகள் ஒதுங்கியன.” எனக்குச் சந்தோசம்தான். அந்தப் பிள்ளை மனப்பாடம் பண்ணவில்லை, விதியைக் கண்டுபிடித்திருக்கிறது. ‘து’வை எடுத்துவிட்டு ‘ன’வைப் போட்டால் சரி என்று நினைத்திருக்கிறது. நான்தான் அதற்கு அரைவாசி விதியைக் கொடுத்திருக்கிறேன். ‘ஆடியது’ போன்ற வினைகளுக்குத் தனி ஓதல் வேண்டும்:

குருவி பாடியது – குருவிகள் பாடின
குருவி ஆடியது – குருவிகள் ஆடின
குருவி ஓடியது – குருவிகள் ஓடின
குருவி தூங்கியது – குருவிகள் தூங்கின

பா–டி–ய–து நாலு தட்டு, பா–டி–ன மூன்று தட்டு. ஒரு தட்டு விழுந்துபோகிறது. அந்த விழுந்த இடத்தில் பிள்ளைகள் கையை விரித்துக் காட்டுவார்கள். ‘பாடியன’ என்று எவராவது சொன்னால் தட்டு நாலாகிவிடும், பக்கத்திலிருக்கிற பிள்ளையே பிடித்துவிடும். கரும்பலகையில் விளக்கினால் முப்பது நிமிடம் எடுக்கிற விடயம் இது. ‘போனது – போயின’ போன்றவற்றை இந்த இரண்டு ஓதலுக்குள்ளும் திணிக்காதீர்கள். வாசிப்பில் வரும்போது தனியாகக் காட்டினால் போதும்.

இனி, நன்றாக ஓதுகிறார்கள், ஆனால் விளங்கியிருக்கிறதா என்று எப்படி அறிவது? நமது பிள்ளைகள் பின்னேரம் குர்ஆன் மத்ரஸாவில் கூட்டாக ஓதிப் பழகியவர்கள். ஒருவர் சொல்லப் பலர் திருப்பிச் சொல்வது அவர்களுக்குப் புதிதல்ல. ஆனால் கூட்டத்தோடு ஓதும்போது வாயை மட்டும் அசைக்கிற பிள்ளையும் உண்டு. பாடமாக்கி வைத்துக்கொண்டு எழுத்தைப் பாராமல் ஓதுகிற பிள்ளையும் உண்டு. சின்ன வயதில் எனக்கு ஓதித்தந்த லெப்பை இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். வரியை முதலிலிருந்து ஓத விடமாட்டார். நடுவிலே ஒரு சொல்லில் ஈர்க்கை வைத்து, “இதை ஓது” என்பார். பாடமாக்கினவன் அங்கேயே நின்றுவிடுவான். அந்த ஈர்க்கைத்தான் நான் வகுப்பிலும் பயன்படுத்துகிறேன். ஓதல் ஓடிக்கொண்டிருக்கும்போது சட்டென்று நிறுத்தி, ஒரு பிள்ளையைக் காட்டி, ஓதலில் இதுவரை வராத ஒன்றைச் சொல்வேன்: “விதை முளைத்தது.” அந்தப் பிள்ளை “விதைகள் முளைத்தன” என்று சொன்னால் இருக்கிறது. “ஆடுகள் வந்தன” என்று பழைய அடிக்குத் திரும்பினால் ஓசை மட்டும்தான் இருக்கிறது. அன்றே கொப்பியில் மூன்று வசனம் எழுத வேண்டும். மூன்றும் ஓதலில் வராத வினைகளாக இருக்க வேண்டும். வாயிலிருந்து கைக்கு இறங்காவிட்டால் அந்த ஓதலைப் புதிய சொற்களோடு மறுநாளும் செய்ய வேண்டும்.

ஓதல் நன்றாகப் பிடித்த வகுப்பில் இன்னொரு பிழை வரும், அதற்குத் தயாராக இருங்கள். “மாணவர்கள் வந்தன.” ‘கள்’ளைக் கேட்டவுடன் ‘ன’ வந்துவிடுகிறது. இது நாம் உண்டாக்கிய பிழை, பிள்ளை மேல் போடக்கூடாது. இரண்டாவது கிழமை நான் கலந்து சொல்வேன். நான் எழுவாயை மட்டும் சொல்வேன், வகுப்பு வினையால் முடிக்கும். ஆட்களென்றால் எழும்பி நிற்க வேண்டும், மற்றவையென்றால் இருந்தபடியே சொல்ல வேண்டும். “மாடுகள்…” என்றால் இருந்தபடி “வந்தன.” “மாணவர்கள்…” என்றால் எழும்பி “வந்தார்கள்.” பாடப்புத்தகத்தில் ‘வந்தனர்’ என்றும் வரும். இந்தக் கிழமைக்கு அதை எடுக்காதீர்கள். ‘வந்தன’, ‘வந்தனர்’ இரண்டும் காதுக்கு மிகக் கிட்ட இருக்கின்றன. ஒன்று ஊன்றுவதற்கு முன் மற்றதைக் கொடுத்தால் இரண்டும் குழம்பும்.

‘கள்’ இல்லாமலே பன்மை வருகிற இடமும் உண்டு. “ஆடும் மாடும் மேய்ந்தது” என்று எழுதுகிற பிள்ளைக்கு ‘கள்’ கேட்கவில்லை, அதனால் ‘ன’ வரவில்லை. இதற்கு மூன்று அடி போதும்: ஆடும் வந்தது, மாடும் வந்தது, ஆடும் மாடும் வந்தன. முதல் அடிக்கு ஒரு விரல், இரண்டாவதற்கு மற்றக் கையில் ஒரு விரல், மூன்றாவதற்கு இரண்டையும் சேர்த்து. மறுபக்கம், “ஆட்டு மந்தை வந்தது” என்பதில் ஆடு பல, மந்தை ஒன்று. இதை ஓதலில் சேர்க்காமல், பிள்ளைகளே கேட்கும்வரை விட்டுவைப்பது எனது வழக்கம். எப்படியும் ஒருவன் கேட்பான்.

திருத்துகிறவர்களுக்கு ஒரு சொல். ஒரு பிள்ளை “நாலு மாடு வந்தன” என்று எழுதினால் ‘மாடு’ என்பதைச் சுற்றி வட்டம் போடாதீர்கள். ‘கள்’ இல்லாமல் ஒன்றையும் பலவற்றையும் குறிக்கிற இப்படியான சொல்லை இலக்கணத்தில் பால்பகா அஃறிணைப் பெயர் என்பார்கள். எண்ணிக்கையை வினை காட்டிவிடுகிறது, அது பிழையல்ல. அதேபோல வீட்டிலே “மாடெல்லாம் வந்திச்சி” என்று பேசுவதையும் பிழை என்று சொல்லாதீர்கள். அது பேச்சு, இது எழுத்து என்று மட்டும் சொல்லுங்கள். எனது வகுப்பில் ஓதலைத் தொடங்குவதே அப்படித்தான்: “வீட்டில எப்படிச் சொல்வீங்க?” என்று கேட்பேன். “வந்திச்சி டீச்சர்” என்பார்கள். “கொப்பியில எப்படி?” என்பேன். அங்கிருந்து ஓதல் தொடங்கும்.

நிகழ்காலத்துக்குப் போகும்போது ‘ஓடுகிறது – ஓடுகின்றன’ என்று வரும். பிள்ளைகள் ‘ஓடுகிறன’ என்பார்கள். ‘கின்ற’ என்ற இடத்தில் எல்லாரும் மேசையில் ஒரு தட்டுத் தட்டினால் அந்த ‘ன்’ விழாது. எதிர்காலம்தான் வேடிக்கை. ஆடு ஓடும், ஆடுகள் ஓடும். ஒன்றுமே மாறுவதில்லை. முதல் தடவை நான் “ஆடு ஓடும்” என்று சொல்லி நிறுத்துவேன். வகுப்பு ‘ன’வைத் தேடித் தடுமாறும். ஒருவர் “ஓடுமன” என்பார், எல்லாரும் சிரிப்பார்கள். பிறகு பின்வாங்கிலிருந்து ஒரு குரல் மெதுவாக வரும்: “ஆடுகளும் ஓடும்தானே டீச்சர்?”