தவணைப் பாக்கியின் இன்றைய மதிப்பு: நாள் எண்ணிக் கணக்கிடும் முறை

வெண்ணந்தூர் வட்டாரத்தில் மளிகைக் கடை வைத்திருப்போருக்குப் பணம் மாதம் பிறந்ததும் ஒரே சீராக வந்து விடுவதில்லை. தறிக்காரர்கள் கூலி வாங்கிய பின், விவசாயிகள் மகசூல் விற்ற பின் கடைக்காரரிடம் பாக்கி தீர்ப்பார்கள். கடைக்காரர் தீபாவளி முடிந்து கொஞ்சம், பொங்கல் முடிந்து கொஞ்சம் என்று மொத்த வியாபாரிக்குக் கொடுப்பார். இப்படித் தேதி ஒழுங்கின்றி வரும் பணத்துக்கு இன்று என்ன மதிப்பு என்று அறிந்தால்தான், ரொக்கத்துக்கு எவ்வளவு கழிவு கொடுக்கலாம் என்பது விளங்கும்.

நாள் கணக்கின் அருமையை வங்கியில் நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். முன்பு சேமிப்புக் கணக்குக்கு, மாதத்தின் 10-ஆம் தேதிக்கும் கடைசி நாளுக்கும் இடையில் இருந்த மிகக் குறைந்த இருப்புக்கே வட்டி. 11-ஆம் தேதி போட்ட பணத்துக்கு அந்த மாதம் ஒன்றும் கிடையாது. ரிசர்வ் வங்கியின் உத்தரவுப்படி 2010 ஏப்ரல் 1 முதல் அன்றாட இருப்புக்கே வட்டி கணக்கிடுகிறார்கள்.

இனி ஓர் உதாரணம் பார்ப்போம். 10-09-2025 அன்று ஒரு லட்ச ரூபாய்க்குச் சரக்கு கொடுக்கிறோம் என்று வைத்துக் கொள்வோம். கடைக்காரர் 22-10-2025 அன்று 40,000, 20-01-2026 அன்று 30,000, 15-04-2026 அன்று 30,000 தருவதாகச் சொல்கிறார். அல்லது இன்றே ரொக்கமாக 94,200 தருகிறேன் என்கிறார். நமக்கு வட்டி ஆண்டுக்கு 18 சதம். எதை ஒப்புக் கொள்வது?

சரக்கு போன நாளிலிருந்து தவணைகள் முறையே 42, 132, 217 நாட்கள். நம் பழைய வழக்கப்படி ஒவ்வொரு தொகையையும் நாளால் பெருக்கிக் கூட்டினால் 1,21,50,000 வரும். அதை 18-ஆல் பெருக்கி 36,500-ஆல் வகுத்தால் வட்டி 5,992. ஒரு லட்சத்தில் அதைக் கழித்தால் 94,008. ஆகவே 94,200 ரொக்கம் லாபம் என்று தோன்றும்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. பின்னால் வரப்போகும் முழுத் தொகைக்கும் இன்றிலிருந்தே வட்டி பிடித்து விட்டோம். கடைசித் தவணையான 30,000-க்கு இன்று நம் கையை விட்டுப் போகும் மதிப்பு 30,000 அல்ல, அதைவிடக் குறைவு. வட்டி அந்தக் குறைந்த தொகைக்குத்தான் ஓட வேண்டும். எனவே கழிக்கக் கூடாது, வகுக்க வேண்டும். 1.18-ஐ, நாட்களை 365-ஆல் வகுத்து வரும் அடுக்குக்கு உயர்த்தி, தவணையை அதனால் வகுக்க வேண்டும். அப்படிச் செய்தால் மூன்று தவணைகளும் 39,245, 28,257, 27,189 ஆகின்றன. கூட்டுத்தொகை 94,691. ரொக்கம் வாங்கினால் 491 ரூபாய் நமக்குக் குறைவு.

கம்ப்யூட்டரில் எக்ஸெல் தாளில் இதை ஒரே வரியில் பெறலாம். A2 முதல் A5 வரை நான்கு தேதிகள். B2-இல் விட்டுக் கொடுக்கும் ரொக்கம் -94200, அதன் கீழே மூன்று தவணைகள்.

```
=XNPV(0.18,B2:B5,A2:A5)
```

விடை 491. இங்கே NPV என்ற இன்னொரு சூத்திரத்தைப் போடக் கூடாது. அது தேதியைப் பார்ப்பதில்லை. இடைவெளி எல்லாம் சமம் என்று கொள்வதால், 18 சதத்தில் நம் மூன்று தவணைகளையும் ஓராண்டு, ஈராண்டு, மூவாண்டுக்குத் தள்ளி 73,703 என்று சொல்லும்.

தேதியில்தான் பிழை அதிகம் நேரும். கம்ப்யூட்டர் அமெரிக்க முறையில் அமைந்திருந்தால் 10-09-2025 என்பதை அக்டோபர் 9 என்று சத்தமில்லாமல் எடுத்துக் கொள்ளும். 22-10-2025 என்பதைத் தேதியாகவே ஏற்காமல் எழுத்தாக வைத்துக் கொண்டு, சூத்திரத்தில் பிழை காட்டும். எனவே A3-இலிருந்து A2-ஐக் கழித்து 42 வருகிறதா என்று முதலில் பார்த்து விடுவது நல்லது. தவணைத் தேதி எதுவும் முதல் தேதிக்கு முந்தியதாக இருந்தாலும் பிழை வரும்.

வட்டி விகிதத்திலும் கவனம் வேண்டும். சூத்திரம் கேட்பது ஆண்டு விகிதம். நூற்றுக்கு ஒன்றரை ரூபாய் வட்டியை மாதாமாதம் கட்டி வருபவருக்கு அது ஆண்டுக்கு 18 அல்ல, 19.56 சதம். அதைப் போட்டால் 491 என்பது 86 ஆகச் சுருங்கி விடும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, சொன்ன தேதியில் பணம் வரும் என்பதே இந்தக் கணக்கின் அஸ்திவாரம். கடைசித் தவணை 45 நாள் தள்ளி 30-05-2026 அன்று வந்தால், 18 சதத்திலேயே தவணைகளின் மதிப்பு 94,142 ஆகிறது. இப்போது ரொக்கம்தான் 58 ரூபாய் மேல். ஆகையால் கடைக்காரர் வாயால் சொல்லும் தேதியைத் தாளில் எழுத வேண்டாம். பேரேட்டைப் புரட்டி, சென்ற ஆண்டு அவர் எந்தெந்தத் தேதியில் உண்மையில் கொடுத்தார் என்று பார்த்து, அந்த நாட்களைப் போட்டு, பிறகு கழிவைப் பேசுவோம்.