காவல் நிலையம் கைவிரித்தால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்

வரப்புத் தகராறில் பக்கத்து நிலத்துக்காரர் இரும்புக் கம்பியால் அடித்ததில் ஒரு பெண்ணுக்குக் கை எலும்பு முறிந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். காவல் நிலையத்தில் புகாரை வாங்கி, சி.எஸ்.ஆர். ரசீது கொடுக்கிறார்கள். “ரெண்டு பேரும் ஒரே ஊரு, பேசி முடிச்சுக்கோங்கம்மா” என்று அனுப்பிவிடுகிறார்கள். பலர் அந்த ரசீதையே வழக்கு என்று நம்பி மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். அது புகார் வந்ததற்கான அத்தாட்சி மட்டுமே, எஃப்.ஐ.ஆர். ஆகாது.

ஆயுதத்தால் கொடுங்காயம் ஏற்படுத்துவது, போலீஸ் தானாகவே வழக்குப் பதிய வேண்டிய குற்றம். அப்படிப்பட்ட குற்றம் புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று 2013-இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இங்கே சமரசம் பேச நிலையத்துக்கு வேலையே இல்லை.

அவர் அடுத்த நாளே நீதிமன்றம் போனால் மனு நிற்காது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(4) பிரிவுப்படி, முதலில் புகாரை எழுத்து மூலம் மாவட்ட எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்ப வேண்டும். அங்கும் பலன் இல்லாவிட்டால்தான் மாஜிஸ்திரேட். நான் பார்த்தவரை மனுக்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் இந்தப் படியில்தான். ஆகவே தபால் ரசீதையும், அது போய்ச் சேர்ந்ததற்கான சான்றையும் பத்திரப்படுத்த வேண்டும்.

மனுவில் எந்த நாள், எந்த இடம், யார், எதனால் அடித்தார், யார் பார்த்தார்கள் என்பதோடு, நிலையத்துக்கும் எஸ்.பி.க்கும் புகார் கொடுத்த தேதிகளும் இருக்க வேண்டும். அரசு மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல், எக்ஸ்ரே, சி.எஸ்.ஆர். ரசீது ஆகியவற்றை இணைக்க வேண்டும். சொன்னதெல்லாம் உண்மை என்று பிரமாணப் பத்திரமும் கட்டாயம். அதில் பொய் இருந்தால் மனுதாரர் மீதே வழக்கு வரும். கோபத்தில் நாலு பேர் பெயரைக் கூடுதலாகச் சேர்ப்பது ஆபத்து.

மாஜிஸ்திரேட் போலீஸின் விளக்கத்தையும் கேட்பார். வழக்குப் பதியாததற்கு என்ன காரணம் என்று நிலையம் நீதிமன்றத்துக்குச் சொல்லியாக வேண்டும். திருப்தி இல்லையென்றால் 175(3) பிரிவின்கீழ் விசாரிக்க உத்தரவிடலாம். அதன் பிறகு எஃப்.ஐ.ஆர். பதிவாகும்.

இன்னொரு வழி, 223-ஆம் பிரிவின்கீழ் தனிநபர் புகார். அதில் புகார்தாரரையும் சாட்சிகளையும் நீதிமன்றமே சத்தியப் பிரமாணத்தின் பேரில் விசாரிக்கும். ஆனால் ஆதாரம் திரட்டும் சுமை பெரும்பாலும் புகார்தாரர் தலையில் விழும். நம் உதாரணத்தில் கம்பியைக் கைப்பற்ற வேண்டும், தெருக் கேமரா பதிவை அழியும் முன் எடுக்க வேண்டும். இவை போலீஸால்தான் ஆகும். அதை மனுவில் தெளிவாக எழுதி, விசாரணை உத்தரவையே கேட்பது நல்லது. மனு தள்ளுபடியானால் மேல் நீதிமன்றத்தில் சீராய்வு மனு போடலாம்.